தளத்தின் பெயரை ஒட்டினால் பாஸ்வேர்டு வேறாகிவிடுமா?

கேள்வி: எல்லாத் தளங்களுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கக் கூடாது என்கிறார்கள். நான் கஷ்டமான ஒரு பாஸ்வேர்டை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தளத்திலும் அதன் கடைசியில் அந்தத் தளத்தின் பெயரைச் சேர்த்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் வேறுதானே? இதையும் ஏன் ஒரே பாஸ்வேர்டு என்கிறார்கள்?

பதில்:

இதைத் தீர்மானிக்க ஒரு சோதனை போதும். உங்கள் பாஸ்வேர்டுகளில் ஏதோ ஒன்று, ஒரே ஒரு தளத்திலிருந்து, அப்படியே வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கணக்குகளில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டியிருக்கும்? ஒவ்வொன்றும் உண்மையிலேயே வேறாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். உங்கள் முறையில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைத்திருப்பவருக்கும் இதே நிலைமைதான். அதனால்தான் இரண்டையும் ஒரே வகையில் சேர்க்கிறார்கள்.

ஒரு உதாரணத்தை எடுத்து முழுதாகப் பார்ப்போம். மனப்பாடமான பகுதி `Nilavu#47`. நீங்கள் சேர்ந்திருக்கும் ஒரு சிறிய விவாதத் தளத்துக்கு `kadalpuram` என்று கற்பனையாகப் பெயர் வைப்போம். அங்கே உங்கள் பாஸ்வேர்டு `Nilavu#47kadalpuram`. அந்தத் தளத்தை யாரோ உடைத்துப் பயனர் பட்டியலை எடுத்துவிட்டார்கள். பட்டியலில் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் பக்கத்திலேயே இந்த பாஸ்வேர்டும் இருக்கின்றன. பட்டியலை வைத்திருப்பவருக்கு அது எந்தத் தளத்தின் பட்டியல் என்பது தெரியும். அதனால் 19 எழுத்துகளில் கடைசி 10 எழுத்துகள் அவரிடம் எந்த ரகசியத்தையும் காப்பதில்லை. அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

```
p = "Nilavu#47kadalpuram"
for t in ["gmail", "google", "facebook"]:
    print(p.replace("kadalpuram", t))
```

இதில் எந்தப் புத்திசாலித்தனமும் தேவையில்லை. கோடிக்கணக்கான வரிகள் உள்ள பட்டியலில், தளத்தின் பெயர் எந்தெந்த பாஸ்வேர்டுக்குள் இருக்கிறதோ அவற்றை மட்டும் பொறுக்கி, பெயரை மாற்றி, புதிய பட்டியல் ஒன்றை எழுத ஒரு சாதாரணக் கணினிக்குச் சில நிமிடங்கள் போதும்.

"கோடிப் பேர் உள்ள பட்டியலில் என் பாஸ்வேர்டை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்?" என்பது வழக்கமாக வரும் எதிர்வாதம். அதில் ஓரளவு நியாயம் உண்டு. கசிந்த மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் எந்த மாற்றமும் செய்யாமல் வேறு நூறு தளங்களில் போட்டுப் பார்க்கும் நிரல்கள்தான் அதிகம். அப்படிப்பட்ட நிரல் `Nilavu#47kadalpuram` என்பதை ஜிமெயிலில் போட்டுத் தோற்றுப்போகும். உங்கள் முறை தரும் உண்மையான பாதுகாப்பு இந்த ஒன்றுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேலே உள்ள மூன்று வரியைத் தன் நிரலில் சேர்க்காமல் இருக்க வேண்டும் என்று தாக்குபவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. மனிதக் கண் படாமலேயே வேலை நடக்கும்.

இது வெறும் யூகமும் இல்லை. 2014இல் என்டிஎஸ்எஸ் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே நபர் இரண்டு தளங்களில் வைத்திருந்த, ஒன்றுபோல இல்லாத பாஸ்வேர்டு ஜோடிகளை எடுத்து, ஒன்றைக் கொடுத்தால் மற்றதைக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுதினார்கள். அப்படி மாற்றி வைத்த பாஸ்வேர்டுகளில் சுமார் 30 சதவீதத்தை அது 100 முயற்சிகளுக்குள் கண்டுபிடித்தது. இந்த 100 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். தொடர்ச்சியான தவறான லாகின் முயற்சிகளை ஒரு கணக்குக்கு 100க்கு மேல் அனுமதிக்கக் கூடாது என்பது அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் தன் வழிகாட்டுதலில் வைத்திருக்கும் வரம்பு. அதாவது விதிப்படி நடக்கும் தளத்தில்கூட, கதவு மூடுவதற்குள் இந்த ஊகங்களைப் போட்டுப் பார்க்க இடம் இருக்கலாம். தளத்தின் பெயரை மாற்றிப் போடுவதற்கோ 100 முயற்சிகூடத் தேவையில்லை. இரண்டு மூன்று போதும். அவ்வளவு குறைந்த தவறுகளை எந்தத் தளமும் சந்தேகப்படாது. நாமே தினமும் அத்தனை முறை தப்பாக அடிக்கிறோம்.

அடுத்த எதிர்வாதம்: "தளங்கள் பாஸ்வேர்டை அப்படியே வைத்திருப்பதில்லையே, ஹேஷ் ஆக்கித்தானே வைக்கின்றன?" ஹேஷ் என்பது பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஓர் எழுத்துத் தொடர். அதை நேராகப் பாஸ்வேர்டாகத் திருப்ப முடியாது, ஒவ்வொரு ஊகத்தையும் ஹேஷ் ஆக்கி ஒப்பிட்டுத்தான் உடைக்க வேண்டும். சரி, நல்ல தளங்கள் அப்படித்தான் செய்கின்றன. எல்லாத் தளங்களும் செய்ததில்லை. 2009இல் ராக்யூ என்ற தளம் உடைக்கப்பட்டபோது சுமார் 3.2 கோடி பாஸ்வேர்டுகள் எந்த மறைப்பும் இல்லாமல் கிடைத்தன. 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து போனவை ஷா-1 என்ற வகை ஹேஷ்கள், ஆனால் ஒவ்வொரு பாஸ்வேர்டுடனும் தனித்தனியாகக் கலக்கும் சால்ட் என்ற தாறுமாறான எழுத்துகளைச் சேர்க்காதவை. அதனால் வேகமாக உடைந்தன. அப்படி உடைந்தவற்றில் `linkedin` என்ற சொல் அடங்கிய பாஸ்வேர்டுகள் ஏராளம். உங்கள் யோசனை பலருக்கும் இயல்பாக வரும் யோசனை என்பதை அது காட்டுகிறது. உடைப்பவர்களுக்கும் அது தெரியும். எந்தத் தளத்தின் பட்டியலோ அந்தத் தளத்தின் பெயரை முதலிலேயே சேர்த்துப் பார்ப்பது அவர்களுடைய வழக்கம்.

இங்கேதான் பலர் ஏமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. `Nilavu#47kadalpuram` என்பது 19 எழுத்து. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, குறி, எண் எல்லாம் உண்டு. பதிவு செய்யும்போது பக்கத்தில் காட்டும் பலம் அளக்கும் பட்டை பச்சையாக நிறைந்துவிடும். உடைப்பவர் இதை 19 எழுத்தாகப் பார்ப்பதில்லை. ஒரு சொல், ஒரு குறி, இரண்டு இலக்கம், அப்புறம் தெரிந்த பெயர் என்றுதான் பார்ப்பார். பெயர்களும் சொற்களுமாக 20,000 உள்ள பட்டியல் அவரிடம் இருக்கிறது என்போம். முதல் எழுத்து பெரிதா சிறிதா என்பதற்கு 2 வாய்ப்பு, குறிக்கு ஏறக்குறைய 30, இரண்டு இலக்கத்துக்கு 100. பெருக்கினால் 12 கோடி. தளத்தின் பெயர் இந்தக் கணக்கில் 1 என்றுதான் வரும், ஒன்றால் பெருக்கினால் எண் பெரிதாகாது. ஹேஷ் உடைக்கும் ஹேஷ்கேட் போன்ற கருவியில் அந்தப் பெயரைக் கடைசியில் ஒட்டச் சொல்ல ஒரே ஒரு வரி விதி போதும்:

```
$k$a$d$a$l$p$u$r$a$m
```

எம்டி5 போன்ற வேகமான ஹேஷ் என்றால் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குப் பல ஆயிரம் கோடி ஊகங்களைப் போட்டுப் பார்க்கும். 12 கோடி என்பது ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். தளம் பொறுப்பாக பீகிரிப்ட் போன்ற மெதுவான ஹேஷைப் பயன்படுத்தியிருந்தால் வேகம் நொடிக்குச் சில ஆயிரமாக இறங்கும். 5,000 என்று வைத்தால் 12 கோடிக்கு 24,000 நொடி, அதாவது 6 மணி 40 நிமிடம். லட்சம் கணக்குகள் உள்ள பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் யாரும் அவ்வளவு நேரம் செலவழிக்க மாட்டார்கள். ஆனால் உங்களைக் குறிவைத்தவருக்கு அது ஒரு இரவு வேலைதான். மனப்பாடப் பகுதி இதைவிட நீளமாக, எந்த அகராதியிலும் இல்லாததாக இருந்தால் ஹேஷ் உடையாமல் தப்பிக்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. நீங்கள் சேரும் எல்லாத் தளங்களும் அதைச் சரியாகப் பாதுகாக்க வேண்டும், ஒரு தடவைகூடப் போலித் தளத்தில் அதை நீங்கள் அடித்துவிடக் கூடாது. போலிப் பக்கத்தில் அடித்த பாஸ்வேர்டுக்கு ஹேஷ் எல்லாம் கிடையாது, அடித்த எழுத்து அப்படியே போய்ச் சேரும்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் தங்கள் முறையைக் கொஞ்சம் சிக்கலாக்கிக்கொள்கிறார்கள். முழுப் பெயரைப் போட மாட்டேன், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மொத்த எழுத்துகளின் எண்ணிக்கையும் போடுவேன் என்பார்கள். அப்போது நம் உதாரணம் `Nilavu#47km10` ஆகிவிடும். தளத்தின் பெயர் உள்ளே இல்லாததால், பெயரைத் தேடும் எளிய நிரல் இதைத் தவறவிடும். ஆக முன்னதைவிட இது மேல். எவ்வளவு மேல் என்று பார்ப்போம்.

இந்த ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் என்ன யோசிப்பார்? `kadalpuram` என்ற பெயரில் `k` ஒரே இடத்தில், முதலில் வருகிறது. `m` ஒரே இடத்தில், கடைசியில் வருகிறது. எனவே முதலும் கடைசியும் என்ற விதி கிட்டத்தட்ட உறுதி. `10` என்பது எழுத்துகளின் எண்ணிக்கையாக இருக்கலாம், அல்லது எல்லா இடத்திலும் மாறாமல் வரும் எண்ணாக இருக்கலாம். ஜிமெயிலுக்கு `gl5` அல்லது `gl10`. கூகுள் என்று எண்ணியிருந்தால் `ge6` அல்லது `ge10`. நான்கே ஊகங்கள்! ஒரு கணக்கைப் பூட்டிவிடும் அளவுக்குக்கூட இவை வராது. கூடவே இரண்டாவதாக ஒரு தளமும் கசிந்து, அதன் பெயர் `nadhi`, அங்கே உங்கள் பாஸ்வேர்டு `Nilavu#47ni5` என்றால் நான்கு ஊகங்களும் இரண்டாகச் சுருங்கிவிடும். எது மாறாத பகுதி, எது மாறும் பகுதி என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே தெரிகிறது.

அடுத்தடுத்து வைப்பது எப்படி நடக்கும் என்ற கேள்விக்கு 2019 ஜனவரியில் வெளியே தெரிந்த கலெக்ஷன் #1 என்ற தொகுப்பு பதில். பல பழைய கசிவுகளைச் சேர்த்துக் கட்டிய அந்த மூட்டையில் சுமார் 77 கோடி தனித்தனி மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. இப்படிப்பட்ட தொகுப்பை மின்னஞ்சல்படி வரிசைப்படுத்தினால், ஒரே முகவரிக்குப் பல ஆண்டுகளில் பல தளங்களில் வைத்த பாஸ்வேர்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றுவிடும். நாம் மறந்துபோன தளங்கள்கூட அங்கே நம் விதியைக் காட்டிக்கொடுக்கும். காலம் கடந்தாலும் அந்த விதி பழசாகாது. 2012 லிங்க்ட்இன் கசிவில் முதலில் சுமார் 65 லட்சம் ஹேஷ்கள்தான் தெரியவந்தன. மீதி 2016இல் விற்பனைக்கு வந்தபோது பாஸ்வேர்டு உள்ள கணக்குகள் சுமார் 11.7 கோடி. அந்த நான்கு ஆண்டுகளில் ஒருவர் லிங்க்ட்இன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றியிருந்தாலும், அதே மனப்பாடப் பகுதியை வேறு தளங்களில் வைத்துக்கொண்டிருந்தால் அவருடைய ஆபத்து அப்படியே இருந்தது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. பெயரை ஒட்டுவதால், நம்மை எச்சரிக்க வேண்டிய கருவிகளும் ஏமாந்துவிடுகின்றன. ஒரு பாஸ்வேர்டு ஏற்கெனவே கசிந்திருக்கிறதா என்று `haveibeenpwned.com` தளத்தின் பாஸ்வேர்டு பகுதியில் பார்க்கலாம். நல்ல சேவை. பாஸ்வேர்டை அங்கே அனுப்பாமல், அதன் ஷா-1 ஹேஷில் முதல் ஐந்து எழுத்துகளை மட்டும் அனுப்பி, மீதியை உங்கள் கணினியிலேயே ஒப்பிடும் வகையில் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அது ஓர் எழுத்தும் மாறாத பொருத்தத்தைத்தான் தேடும். `Nilavu#47kadalpuram` கசிந்திருந்தாலும், `Nilavu#47gmail` என்று தேடினால் "கிடைக்கவில்லை" என்றுதான் பதில் வரும். பிரவுசர்களிலும், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர்களிலும் உள்ள "இதை வேறு இடத்திலும் பயன்படுத்தியிருக்கிறீர்கள்" என்ற எச்சரிக்கையும் பொதுவாக முழுப் பொருத்தத்தைப் பார்த்துத்தான் வருகிறது. நேராக ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவருக்கு வரும் எச்சரிக்கை உங்களுக்கு வராது. அவருக்கு உள்ள ஆபத்தில் பெரும்பகுதி உங்களுக்கும் உண்டு. எச்சரிக்கை வராததால், அது இல்லை என்று நம்பிவிடுவீர்கள்.

நடைமுறையிலும் இந்த விதி நீண்ட நாள் தாங்காது. ஒரு தளம் கட்டாயமாகப் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னால் தளத்தின் பெயர் மாறாது, அதனால் கடைசியில் 2 சேர்ப்பீர்கள். இன்னொரு தளம் `#` குறியை ஏற்காது. 2023இல் ட்விட்டர் எக்ஸ் ஆனது, இப்போது எந்தப் பெயரை ஒட்டியது என்று யோசிக்க வேண்டும். இந்த விதிவிலக்குகளை எல்லாம் எங்காவது எழுதி வைக்க ஆரம்பித்த பிறகு, நினைவில் வைத்துக்கொள்ள எளிது என்ற ஒரே காரணமும் போய்விடுகிறது.

கணிதம் தெரிந்த சிலர், பெயரையும் மனப்பாடப் பகுதியையும் ஒட்டுவதற்குப் பதில், இரண்டையும் சேர்த்து ஹேஷ் செய்து வரும் விடையைப் பாஸ்வேர்டாக வைத்தால் என்ன என்று கேட்பார்கள். அது வேறு விஷயம். ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய பிடபிள்யூடிஹேஷ் என்ற பிரவுசர் நீட்சி 2005லேயே இதைச் செய்தது. விடையைப் பார்த்து மனப்பாடப் பகுதியை நேராகப் பிரித்தெடுக்க முடியாது. ஒட்டுவதற்கும் இதற்கும் உள்ள முழு வித்தியாசமும் இதுதான். ஆனால் எந்தக் கருவி என்று தெரிந்தவர், நாம் மேலே போட்ட அதே 12 கோடிக் கணக்கை இங்கேயும் ஓட்டலாம். மனப்பாடப் பகுதி பலவீனமாக இருந்தால் ஒரு கசிவே அதைக் கொடுத்துவிடும். ஒரு தளத்தில் மட்டும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமென்றால் எண் சேர்க்கும் தொல்லையும் திரும்பி வரும். தலைக்குள்ளேயே கணக்கிடக்கூடிய எந்த விதியும் இந்த அளவுக்குக்கூட ஒருவழிப் பாதையாக இருக்காது என்பது என் உறுதியான கருத்து. உங்களால் இரண்டு நொடியில் போட முடிகிற விதியை மற்றவராலும் திருப்பிப் போட முடியும்.

சரி, என்ன செய்யலாம்? கீபாஸ்எக்ஸ்சி, பிட்வார்டன் போன்ற ஒரு பாஸ்வேர்டு மேனேஜரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தளத்துக்கும் அதையே தாறுமாறான 20 எழுத்துகளை உருவாக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எந்த உறவும் இருக்காது, அதனால் ஒன்று போனால் ஒன்றுதான் போகும். மேனேஜரைத் திறக்கும் முதன்மைப் பாஸ்வேர்டு விஷயத்தில்தான் பழைய பழக்கம் திரும்ப நுழையப் பார்க்கும். `Nilavu#47bitwarden` என்று வைத்தால், ஒரு விவாதத் தளத்தின் கசிவு உங்கள் பெட்டகத்தையே திறந்துவிடும். அதற்குப் பதில் டைஸ்வேர் முறையில் பகடை உருட்டிச் சொற்களைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து உருட்டலுக்கு ஒரு சொல், பட்டியலில் 7,776 சொற்கள். ஆறு சொற்கள் எடுத்தால் வாய்ப்புகளின் எண்ணிக்கை 7,776ஐ ஆறு முறை பெருக்கியது. நமது 12 கோடிக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாத எண் அது. சொற்களைப் பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிடித்த சொற்களை நீங்களே எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது.

ஒரே நாளில் எல்லாக் கணக்குகளையும் மாற்ற முயல வேண்டாம், பாதியில் அலுத்துவிடும். மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்ற தளங்களின் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" இணைப்புகள் அங்கேதான் வருகின்றன. அடுத்து வங்கியும் பணம் செலுத்தும் கணக்குகளும். பிறகு கைபேசியுடன் இணைந்த கணக்கு. இந்த மூன்றிலும் இரண்டாம் படிச் சரிபார்ப்பையும் சேர்த்தே போடுங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் பாஸ்கீ வசதி இருந்தால் அதையே எடுங்கள். அதில் ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் சாவி ஜோடி உருவாகிறது, தளத்திடம் இருப்பது ரகசியமில்லாத பாதி மட்டும். மற்ற கணக்குகளை அவற்றுக்குள் அடுத்த முறை நுழையும்போது மாற்றிக்கொள்ளலாம். பழைய, மறந்துபோன தளங்களைப் பிடிக்க, உங்கள் மின்னஞ்சலில் `welcome`, `verify` என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். தேவையில்லாதவற்றில் கணக்கையே நீக்கிவிடுங்கள். எத்தனை கணக்குகள் மாறினாலும், கடைசி ஒன்று மாறும் வரை `Nilavu#47` போன்ற அந்த மனப்பாடப் பகுதியை எந்தப் புதிய இடத்திலும், எந்த வடிவத்திலும் பயன்படுத்தாதீர்கள்.